கோப்பைக் காட்ட மாட்டோம் என்று அரசு சொன்னால்

கேள்வி: கானாடுகாத்தான் அருகே எங்கள் வீட்டின் பின்கட்டுக்கு அப்பாலுள்ள தோட்டத்தை ஊருணிப் புறம்போக்கு என்கிறார்கள். தேவகோட்டையில் வழக்கு நடக்கிறது. பழைய சர்வே விசாரணை அறிக்கையைக் கேட்டால், 'அரசு இரகசியம், நீதிமன்றத்துக்குத் தர இயலாது' என்று ஓர் அலுவலர் கடிதம் கொடுத்துவிட்டார். நீதிபதி இதை ஏற்றுக்கொள்வாரா?

பதில்: அந்தக் கடிதத்தை மட்டும் வைத்து ஏற்க வேண்டியதில்லை. வெளியிடப்படாத அரசுப் பதிவேடு அரசு விவகாரம் சார்ந்ததாக இருந்தால், துறைத்தலைவரின் அனுமதியின்றி அதிலிருந்து சாட்சியம் தர முடியாது என்பது பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 129-ஆம் பிரிவு. பழைய சாட்சியச் சட்டத்தில் அது 123. புதிய சட்டம் நடைமுறைக்கு வந்த 2024 ஜூலை 1-க்கு முன்பே உங்கள் வழக்கு நிலுவையில் இருந்திருந்தால் பழைய எண்ணையே மனுவில் எழுதுங்கள். இந்தப் பிரிவைத்தான் அலுவலர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். இதற்குத் துணையான 165-ஐ (பழையது 162) மறந்துவிடுவார்கள். ஆவணத்துடன் வரும்படி சம்மன் வந்தால், ஆட்சேபம் இருந்தாலும் கையிலுள்ள ஆவணத்தை நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்தே ஆகவேண்டும். ஆட்சேபம் சரியா என்பதைத் தீர்மானிப்பது நீதிபதி. ஆகவே முதலில் சம்மனுக்கு மனுச் செய்யுங்கள். 'சம்பந்தப்பட்ட கோப்புகள் அனைத்தும்' என்று கேட்டால், வலைவீசித் தேடுகிறார் என்று எதிர்ப்பார்கள். கோப்பு எண், ஆண்டு, புல எண் ஆகியவற்றைச் சொல்லி, வழக்கில் நீதிபதி தீர்மானிக்க வேண்டிய எந்த வினாவுக்கு அந்த அறிக்கை வேண்டும் என்பதையும் எழுதுங்கள்.

அடுத்தது, இரகசியம் என்று சொல்பவர் யார் என்பது. அமைச்சரோ துறைச் செயலர் போன்ற தலைமை அதிகாரியோ, ஆவணத்தைத் தாமே படித்துப் பார்த்து, அது வெளியானால் என்ன கேடு வரும் என்று பிரமாணப் பத்திரத்தில் கூற வேண்டும். வெறுமனே 'இரகசியம்' என்ற முத்திரை போதாது. உங்களுக்குக் கடிதம் கொடுத்தவர் அந்த நிலையில் இருப்பவரா என்று பாருங்கள்.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு, உச்ச நீதிமன்றம் 1975-இல் தீர்த்த ராஜ் நாராயண் வழக்கு. இந்திரா காந்தியின் ரே பரேலி தேர்தலை எதிர்த்தவர், பிரதமரின் பயணப் பாதுகாப்பு விதிகள் அடங்கிய 'நீலப் புத்தகம்' முதலிய ஆவணங்களைக் கேட்டார். உத்தரப் பிரதேச அரசின் கீழ்நிலை ஊழியர் ஒருவர் முறையான பிரமாணப் பத்திரம் இல்லாமலே வந்து, காட்ட முடியாது என்றார். அந்தக் குறையைக் காரணமாகக் கொண்டு உயர் நீதிமன்றம் அரசின் கோரிக்கையைத் தள்ளியது. உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது: பத்திரம் குறையாக இருந்தால் திருத்தமான பத்திரம் கேட்கலாம், அதன் பிறகும் ஐயம் இருந்தால் நீதிபதி ஆவணத்தைத் தனியாகப் பார்க்கலாம், கேடில்லாத பகுதியைப் பிரித்து வெளியிடவும் சொல்லலாம். எதிராளியின் காகிதத்தில் ஓட்டை இருக்கிறது என்று மகிழ்ந்துவிடாதீர்கள், அவர்கள் அதை அடைத்துக்கொண்டு வருவார்கள். உங்கள் வாதத்தின் பலம் ஆவணத்தின் தன்மையில் இருக்க வேண்டும்.

தராசுத் தட்டுகளில் நீதிபதி வைப்பது இரண்டு. ஆவணம் வெளிவந்தால் பொதுநலனுக்கு நேரும் சேதம் ஒருபுறம். அது இல்லாமல் நீதி வழங்கினால் பொதுநலனுக்கே நேரும் சேதம் மறுபுறம். அரசுக்கு வெட்கமாக இருக்கும் என்பது முதல் தட்டில் சேராது. 1981-இல் எஸ்.பி. குப்தா வழக்கில் தலைமை நீதிபதிக்கும் சட்ட அமைச்சருக்கும் இடையிலான கடிதங்களையே வெளியிடச் சொன்னது உச்ச நீதிமன்றம். உயர்நிலைக் கோப்பு என்ற வகைப்பெயரே காப்பாற்றாது என்பது அதன் சாரம்.

உங்கள் ஆவணத்துக்கு வருவோம். சர்வேயர் சங்கிலி பிடித்து அளந்ததும், ஊருணிக்கரை எங்கே முடிகிறது என்று கிராம நிர்வாக அலுவலர் சொன்னதும் எப்படி அரசு விவகாரமாகும்? அளவீடும் வரைபடமும் உண்மைச் செய்திகள். அதே கோப்பில், இடத்தை எடுப்பதா விடுவதா என்று அதிகாரிகள் ஒருவருக்கொருவர் எழுதிய யோசனைக் குறிப்புகள் இருக்கலாம். அரசின் வாதத்துக்கு ஓரளவு இடம் அங்கேதான். ஆகவே அந்தப் பக்கங்களை மறைத்துவிட்டு அளவீட்டுப் பகுதியைத் தரும்படி மாற்று வேண்டுகோளையும் மனுவிலேயே சேர்த்துவிடுங்கள். பாதி கேட்பவருக்கு மறுப்பது கடினம்.

ஒரு விஷயத்தில் கவனம் தேவை. 'முத்திரையிட்ட உறையில் நீதிபதிக்கு மட்டும் தருகிறோம்' என்று அரசு வழக்கறிஞர் இறங்கி வரலாம். வெளியிடலாமா என்று பார்க்க நீதிபதி உறையைப் பிரிப்பது வேறு. நீங்கள் பார்க்காத உறையைக் கொண்டு உங்களுக்கு எதிராகத் தீர்ப்பெழுதுவது வேறு. ஒரு தொலைக்காட்சியின் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்த மீடியா ஒன் வழக்கில், 2023-இல், இரண்டாவதை உச்ச நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்தது. உறை வந்தால், அதன் பயன் முதலாவதோடு நிற்க வேண்டும் என்று உங்கள் வழக்கறிஞர் அன்றைக்கே பதிவு செய்யட்டும்.

கூடவே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழும் ஒரு விண்ணப்பம் போடுங்கள். அதன் 8(2) பிரிவும் பொதுநலன் பெரிதா கேடு பெரிதா என்றுதான் பார்க்கிறது. அங்கே பிரதி கிடைத்துவிட்டால், நீதிமன்றத்தில் அதே தாளை இரகசியம் என்று சொல்வது அவர்களுக்குச் சங்கடம்.