லாரி வருகைக்கு பாய்சான் பொருந்துமா?

கேள்வி: 100 மணி நேரம் லாரி வருகையை எண்ணி வைத்திருக்கிறேன். சராசரி மணிக்கு 3. எம்/எம்/1 சூத்திரம் போடும் முன் கை-ஸ்கொயர் சோதனை அவசியமா? எப்படிச் செய்வது?

அவசியம்தான். வரிசையில் காத்திருப்பைக் கணக்கிடும் அந்தச் சூத்திரம், வருகை பாய்சான் பரவலில் இருப்பதாகவே எடுத்துக்கொள்கிறது. ஆனால் பலர் தவறு செய்வது கணக்கில் அல்ல, கணக்கு முடிந்த பிறகு.

உங்கள் பட்டியல் இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு லாரியும் வராத மணிகள் 11. பிறகு 1, 2, 3, 4, 5 லாரி வந்தவை முறையே 18, 19, 15, 13, 9. ஆறோ அதற்கு மேலோ வந்தவை 15. சராசரி 3 உள்ள பாய்சான் பரவலில் 100 மணிக்கு எதிர்பார்ப்பது 4.98, 14.94, 22.40, 22.40, 16.80, 10.08, 8.39. ஏழும் அதற்கு மேலும் தனியாக நின்றால் எதிர்பார்ப்பு 3.35தான், அதனால்தான் ஆறோடு சேர்த்தேன். "4.98 கூட ஐந்துக்குக் கீழ்தானே" என்று யாராவது கிளம்புவார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் எதிர்பார்ப்பு ஐந்தாவது இருக்க வேண்டும் என்பது கைக்கணக்கு, சட்டம் அல்ல. பூஜ்யக் கட்டத்தை ஒரு லாரிக் கட்டத்தோடு சேர்த்தால் முக்கியத் தடயமே மங்கிவிடும்.

ஒவ்வொரு கட்டத்திலும் வித்தியாசத்தின் வர்க்கத்தை எதிர்பார்ப்பால் வகுத்துக் கூட்டினால் 17.06. இதில் பூஜ்யக் கட்டம் மட்டுமே 7.28, கடைசிக் கட்டம் 5.20. கட்டங்கள் 7; சராசரியையும் இதே தரவிலிருந்து எடுத்ததால் ஒன்றல்ல, இரண்டு கழிக்க வேண்டும். ஆக டிகிரி ஆஃப் ஃப்ரீடம் 5, 5% எல்லை 11.07. பாய்சான் பொருந்தவில்லை. எக்செலில் `CHISQ.TEST` இந்த இரண்டாவது கழித்தலைச் செய்யாது. `=CHISQ.DIST.RT(17.06,5)` என்று நீங்களே கொடுங்கள்.

இங்கேயே "பொருந்தவில்லை" என்று அறிக்கையை மூடிவிடுவதுதான் எனக்கு எரிச்சல். மிகுதி எங்கே விழுந்திருக்கிறது பாருங்கள்: வெறும் மணிகளும் அதிகம், நெரிசல் மணிகளும் அதிகம், நடுவில் பள்ளம். எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்று காட்டும் பரவற்படி 4.71; பாய்சானில் அது சராசரியான 3-ஐ ஒட்டி இருக்க வேண்டும். இரண்டு வேறு வேகங்கள் ஒன்றாகக் கலந்ததன் அடையாளம் இது. காலை 50 மணி, மாலை 50 மணி என்று பிரித்துப் பாருங்கள். காலையில் சராசரி 4.3, பரவற்படி 4.4, மாலையில் 1.7, 1.66 என்று வந்தால், வருகை தற்செயலானதுதான், வேகம்தான் பொழுதுக்குப் பொழுது மாறுகிறது. கை-ஸ்கொயருக்கு எந்த மணி முன்னே, எது பின்னே என்று தெரியாது. எண்களைக் கலைத்துப் போட்டாலும் அதே 17.06தான்.

மணிக்கு 4 லாரி இறக்கும் ஒரே தளத்தில், சராசரி 3-ஐ வைத்து எம்/எம்/1 போட்டால் வரிசையில் காத்திருப்பு 45 நிமிடம் என்று வரும். காலையிலோ வருகை 4.3. அந்தச் சூத்திரமே அங்கே செல்லாது, வரிசை வளர்ந்துகொண்டே போகும். காலை, மாலை இரண்டையும் தொடர்ச்சியாக ஓட்டிப் பார்க்கும் சிமுலேஷன்தான் வழி. காலையில் தேங்கிய லாரிகள் மாலைக் கணக்கிலும் நிற்கும்.

பரவற்படி சராசரியைவிட நன்றாகக் குறைந்திருந்தால் நேரம் ஒதுக்கி லாரிகளை வரவழைக்கிறார்களா என்று விசாரியுங்கள். அப்போது பாய்சான் காத்திருப்பை மிகைப்படுத்தும்.