மருந்தடிப்பவரிடம் ஆய்வுக்குக் கையெழுத்து கேட்டால் பாரத்தில் எதைப் பார்ப்பது?

கேள்வி: அம்மா தெலுக் இந்தான் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் மருந்தடிக்கிறார். ஆய்வுக்கு ரத்தம் எடுக்கப் போகிறார்கள் என்று மண்டோர் நாலு பக்கப் பாரம் கொடுத்திருக்கிறார். படம் போட்டிருக்கிறேன். கையெழுத்துப் போடலாமா?

பதில்:

நான் டாக்டர் இல்லை. ஓர் ஆய்வு நெறிமுறைக் குழுவில் பொதுமக்கள் சார்பில் உட்கார்ந்து இந்த மாதிரிப் பாரங்களைப் படிக்கிறவன். உங்கள் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இப்போதைக்குக் கையெழுத்து வேண்டாம். ஆய்வு மோசம் என்று சொல்லவில்லை. முக்கியமான சில இடங்களில் பாரம் வாயே திறக்கவில்லை.

‘அபாயங்கள்’ என்ற தலைப்பில் ஊசி குத்திய இடம் வலிக்கும், கன்றிப்போகலாம் என்று மட்டும் இருக்கிறது. அது உண்மைதான். ஆனால் அம்மாவுக்கு ஊசியா பெரிய விஷயம்? மூன்றாம் பக்கத்தில் ‘முடிவுகள் தொடர்புடைய தரப்பினருடன் பகிரப்படலாம்’ என்று ஒரு வரி நழுவிப் போகிறது. அந்தத் தரப்பில் தோட்ட நிர்வாகமும் உண்டா? உண்டென்றால், ரத்தத்தில் குறை தெரிந்ததும் அம்மாவை மருந்தடியிலிருந்து எடுத்துச் சம்பளம் குறைந்த வேலைக்கு மாற்றலாம். அதுவும் அபாயம்தான், பாரத்தில் எழுதப்பட வேண்டியது. பூச்சிமருந்து போன்ற ஆபத்தான இரசாயனங்களோடு வேலை செய்பவர்களுக்கு, மலேசியாவின் 2000-ஆம் ஆண்டு இரசாயனப் பாதுகாப்பு விதிமுறைகளின் கீழ் முதலாளி செய்ய வேண்டிய மருத்துவக் கண்காணிப்பு ஒன்று உண்டு. ஆய்வு அதிலிருந்து வேறு. இரண்டையும் ஒரே ஊசியில் முடித்துக்கொள்ளப் பார்க்கிறார்களா என்று கேளுங்கள். இது எது என்பதைப் பாரமே சொல்ல வேண்டும்.

சொல்லாமல் விட்ட இன்னொன்று, சோதனையின் எல்லை. அவர்கள் பார்க்கப் போவது கோலினெஸ்டரேஸ் என்ற நொதியை. ஆர்கனோபாஸ்பேட், கார்பமேட் வகைப் பூச்சிமருந்து உடம்பில் ஏறினால் அதன் செயல்பாடு குறையும். ஆனால் செம்பனைத் தோட்டத்தில் அதிகம் அடிப்பது களைக்கொல்லி. கிளைபோசேட் அந்த நொதியை அப்படி முடக்குவதில்லை. அதனால் ‘நார்மல்’ என்று முடிவு வந்தாலும் அம்மா அடிக்கும் மருந்து அவரைத் தொடவில்லை என்று அர்த்தமாகாது. அதை நம்பிக் கையுறையைக் கழற்றி வைத்துவிட்டால் ஊசியை விடப் பெரிய கேடு அதுதான். கூடவே, நொதியின் அளவு ஆளுக்கு ஆள் மாறும். மருந்து தொடாத காலத்தில் எடுத்த அடிப்படை அளவோடு ஒப்பிட்டால்தான் முடிவுக்குப் பொருள் உண்டு. பாரத்தில் அதைப் பற்றியும் பேச்சில்லை.

விலகும் உரிமைக்கு வருவோம். ‘எப்போது வேண்டுமானாலும் விலகலாம்’ என்று முதல் பக்கத்தில் தடித்த எழுத்தில் இருக்கிறது. சரி. ஆனால் விலகுவதை மண்டோரிடம் தெரிவிக்க வேண்டுமாம். வேலை பிரித்துக் கொடுக்கிறவரிடம் போய் ‘எனக்கு வேண்டாம்’ என்று யார் சொல்வார்கள்? ஆய்வாளரின் நேரடி எண் இருக்க வேண்டும். ஆய்வில் சேர்வதற்குத் தரும் 60 ரிங்கிட் முழுவதும் மூன்றாவது தடவை ரத்தம் எடுத்த பிறகுதான் கைக்கு வரும் என்பதும் சரியில்லை. நல்ல மருத்துவ ஆய்வு நடைமுறையில் பணத்தை வருகைக்கு ஏற்பப் பிரித்துக் கொடுக்க வேண்டும், கடைசி வரை இருந்தால்தான் என்று கட்டிப்போடக் கூடாது. மிச்ச ரத்தத்தை ‘எதிர்கால ஆய்வுகளுக்கு’ வைத்துக்கொள்வார்களாம். விலகினால் அதை அழிப்பார்களா? ஏற்கெனவே கணக்கில் சேர்ந்த தரவைத் திரும்ப எடுக்க முடியாமல் போகலாம், அது நியாயம். எந்தத் தேதிக்குப் பிறகு முடியாது என்று நேர்மையான பாரம் முன்பே சொல்லிவிடும்.

மொழி? ‘சிரை இரத்த மாதிரி 10 மி.லி. சேகரிக்கப்பட்டு நொதிச் செயல்பாடு மதிப்பிடப்படும்’ என்பதை ‘கையிலிருந்து இரண்டு டீஸ்பூன் அளவு ரத்தம் எடுப்போம், பூச்சிமருந்து உடம்பைப் பாதித்திருக்கிறதா என்று பார்ப்போம்’ என்று எழுதியிருக்கலாம். பாரத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டிவிட்டு, எத்தனை தடவை ரத்தம், முடிவை யார் பார்ப்பார்கள், மாட்டேன் என்றால் என்ன ஆகும் என்று அவர் வாயால் சொல்லச் சொல்லுங்கள். அவருக்குச் சொல்ல வராத இடத்தில்தான் பாரத்தின் கோளாறு. படிக்க வராதவருக்கு வாசித்து விளக்கும்போது, ஆய்வோடு சம்பந்தமில்லாத ஒரு சாட்சி பக்கத்தில் இருந்து கையெழுத்திட வேண்டும். மண்டோர் அதற்குச் சரிப்பட மாட்டார்.

கடைசிப் பக்கத்தில் நெறிமுறைக் குழுவின் எண் இருக்கிறது. அதற்கு அம்மாவோ நீங்களோ போன் செய்யலாம். ஆய்வாளர் வாயால் சொல்லும் பதிலை மட்டும் ஏற்காதீர்கள். பாரத்தைத் திருத்தி, குழுவின் ஒப்புதலோடு, அடியில் புதிய பதிப்பு எண்ணும் தேதியும் போட்டு வந்தால் அம்மா விருப்பப்படி செய்யட்டும். கையெழுத்தான பிரதி ஒன்று வீட்டுக்கு வர வேண்டும்.