காலையில் ஜிம்முக்கு 40 நிமிடம்தான் கிடைக்கிறது. சூப்பர்செட் செய்தால் நேரம் மிச்சமாகுமா? எதோடு எதைச் சேர்க்கலாம்?

இரண்டு பயிற்சிகளை ஜோடியாக அடுத்தடுத்துச் செய்வதுதான் சூப்பர்செட். நேரம் மிச்சமாகும், ஆனால் ஜோடி தப்பாக அமைந்தால் பயிற்சி வீண். நீங்களும் என்னைப் போல ஆபீஸ் பையோடு ஜிம்முக்கு ஓடுகிற ஆள் என்று நினைத்துச் சொல்கிறேன்.

நான் அடித்த கூத்தை முதலில் கேளுங்கள். டெட்லிஃப்ட் முடித்த கையோடு லாட் புல்டவுன். இரண்டும் முதுகுக்குத்தானே, ஒரே மூச்சில் முடித்துவிடலாம் என்று கணக்கு. இரண்டாவது சுற்றிலேயே, வழக்கமாக 10 முறை இழுக்கும் எடை ஆறுக்கு மேல் வரவில்லை. முதுகு களைக்கவே இல்லை, முன்கைதான் கல்லாக இறுகிப்போய் விரல் பிடிக்க மறுத்தது. மூன்றாவது சுற்றில் டெட்லிஃப்ட் பார் கையிலிருந்து நழுவப் பார்த்தது, அதைப் பிடிக்கப் போய் இடுப்பு வளைந்து இரண்டு நாள் குனிய முடியாமல் கிடந்தேன். அன்றிலிருந்து டெட்லிஃப்ட் தனியாகத்தான்.

இப்போது நான் செய்வது இதுதான். பெஞ்சைக் கொஞ்சம் சாய்வாக நிமிர்த்தி, மல்லாந்து படுத்து டம்பெல் பிரஸ் 10. அரை நிமிடம் மூச்சு வாங்கிவிட்டு அதே பெஞ்சில் குப்புறச் சாய்ந்து அதே டம்பெல்லால் ரோ 10. தள்ளும்போது மார்பும் ட்ரைசெப்ஸும் உழைக்கும், இழுக்கும்போது முதுகும் பைசெப்ஸும் உழைக்கும், அதனால் ஒன்று வேலை செய்யும்போது மற்றது ஆறிக்கொள்ளும். நெஞ்சு பெஞ்சில் பதிந்திருப்பதால் இடுப்புக்கும் தொல்லை இல்லை. ஒரு செட்டுக்கு 40 விநாடி, ஜோடி முடிந்ததும் ஒன்றரை நிமிட ஓய்வு என்றால் நாலு சுற்றுக்கு 13 நிமிடம்தான். தனித்தனியாக, செட்டுக்கு 2 நிமிட ஓய்வோடு செய்தால் 21 ஆகும்.

"இப்படிச் செய்தால் பலம் ஏறாது" என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். 5 முறைகூடத் தூக்கத் திணறும் எடையை இப்படிச் செய்யச் சொல்லவில்லை சாமி, அதற்கு முழு ஓய்வு வேண்டும். 8 முதல் 12 முறை தூக்கும் எடைக்குத்தான் இந்தப் பேச்சு. ரோவைத் தனியாகச் செய்யும்போது வரும் எண்ணிக்கையைவிட இரண்டு மூன்று குறைகிறதா, ஓய்வை அரை நிமிடம் கூட்டிப் பாருங்கள். அப்போதும் குறைந்தால் ஜோடியை மாற்றுங்கள்.

கை நாளில் பைசெப்ஸ், ட்ரைசெப்ஸ் ஜோடியும் நன்றாகவே ஓடும். காலுக்கு லெக் எக்ஸ்டென்ஷனும் லெக் கர்லும் அருமையான ஜோடி, ஆனால் இரண்டு மெஷினும் சேர்ந்து காலியாக இருக்க வேண்டுமே. எங்கள் ஜிம்மில் லெக் கர்லில் ஒருவர் உட்கார்ந்தால் செட்டுக்குச் செட்டு ஒரு ரீல்ஸ் பார்த்துவிட்டுத்தான் எழுவார், சொன்னால் "இன்னும் ரெண்டு செட்தான் ப்ரோ" என்பார். காசை வாங்குகிற ஓனரோ ஏழு மணிக்கு முன்னால் ஏசியைக்கூடப் போடுவதில்லை.