கூன் போட்டால் இடுப்புக்குச் சுகம், கழுத்துக்குப் பாரம்

"கூன் போட்டு உட்கார்ந்தால் முதுகு சுகமா இருக்கு. நிமிர்ந்தா கால் மணி நேரத்தில் நடுமுதுகு வலிக்குது. ஆனா கூன் போட்ட நாளில் சாயங்காலம் கழுத்து பிடிச்சுக்குது. எந்தத் தசைதான் வேலை செய்யுது?"

அந்தச் சுகம் பொய்யில்லை. கீழ்முதுகில் முதுகெலும்பை ஒட்டி இருபுறமும் மல்டிஃபிடஸ் தசையும் அதற்கு வெளியே எரெக்டர் ஸ்பைனே தசைகளும் இருக்கின்றன. முழுக்கக் கூன் போட்டதும் இவற்றின் வேலை வெகுவாகக் குறைந்துவிடும். அப்போது உடலைத் தாங்குவது எலும்புகளை இணைக்கும் தசைநார்களும் டிஸ்க்கின் பின்பக்கமும்தான். நீங்களே தொட்டுப் பாருங்கள். இரு கட்டைவிரல்களையும் இடுப்புக்குப் பின்னால் முதுகெலும்பின் இருபுறமும் அழுத்திக்கொண்டு மெல்லக் கூனுங்கள், தசை மெத்தென்று ஆகும். மெல்ல நிமிருங்கள், விரலுக்கடியில் இறுகும்.

கழுத்தில் நடப்பது நேர் எதிர். நடுமுதுகு வளைந்ததும் தலை முன்னே போய்விடுகிறது. ஏறக்குறைய 5 கிலோ எடையுள்ள தலையைக் கணினித் திரைக்கு நேராகத் தூக்கிப் பிடிக்கப் பின்கழுத்துத் தசைகள் விடாமல் இழுக்க வேண்டும். அந்த இழுப்பு சிறியதுதான், ஆனால் இடைவெளியே இல்லாததால் அதே சில தசை இழைகள் மணிக்கணக்கில் ஓய்வின்றி உழைக்கின்றன. சாயங்கால வலிக்கு இதுவே முக்கியக் காரணமாக இருக்கலாம்.

நிமிரும்போது நடுமுதுகு வலிப்பதற்குக் காரணம் பெரும்பாலும் நிமிரும் விதம். நெஞ்சை உயர்த்தித் தோளைப் பின்னே இழுத்தால் விலாவுக்குப் பின்னால் இருக்கும் எரெக்டர் ஸ்பைனேயின் மேல்பகுதி பெரும்பாலான பாரத்தை ஏற்கிறது. இடுப்பெலும்பிலிருந்து நிமிர்ந்தால் வேலை கீழே மல்டிஃபிடஸுக்குப் போகும், நடுமுதுகு தளரும். முதலில் முழுக்கக் கூனுங்கள். பிறகு நெஞ்சை அசைக்காமல் இடுப்பெலும்பை மட்டும் முன்னே உருட்டுங்கள். கீழ்முதுகில் லேசான குழிவு வந்ததும் நிறுத்துங்கள், கடைசிவரை வளைக்க வேண்டாம். விலாவின் கீழ்விளிம்பு முன்னே துருத்தினால் பழைய முறைக்கே திரும்பிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

இப்படியும் நாள் முழுக்கத் தாங்காது, மல்டிஃபிடஸும் களைத்துவிடும். நாற்காலியின் சாய்மானத்தை 100 முதல் 110 டிகிரிவரை பின்னே சாய்த்து, கீழ்முதுகுக்கு ஒரு சிறு தலையணை வைத்தால் குழிவும் இருக்கும், தசையும் ஓய்வெடுக்கும். திரையையும் அதற்கேற்ப உயர்த்தி அருகே இழுங்கள். இல்லாவிட்டால் தலை மறுபடி முன்னே நீளும்.

கூன் போடவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் சுமார் 20 நிமிடம் முழுக்கக் கூனியிருந்தாலே தசைநார்கள் சற்று நீண்டுவிடுகின்றன, எழுந்து 2 நிமிடம் கழித்தும் பாதியளவுதான் மீள்கின்றன. அதனால் நீண்ட நேரம் கூனி உட்கார்ந்து எழுந்த உடனே குனிந்து கனமானதைத் தூக்காதீர்கள், கொஞ்சம் நடந்துவிட்டுத் தூக்குங்கள். கழுத்து வலியோடு கை மரத்துப்போனாலோ பிடி தளர்ந்தாலோ, உட்காரும் முறையை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.