பார்லர் விளம்பரம்: நோட்டீஸா, இன்ஸ்டாகிராமா?

“சேலம் அம்மாப்பேட்டையில் பியூட்டி பார்லர் திறந்து மூன்று மாதம். கையில் 6,000 ரூபாய்தான். நோட்டீஸ், போஸ்டர், லோக்கல் கேபிள், எஃப்.எம்., இன்ஸ்டாகிராம், எதில் போடலாம்?”

சகோதரி, கேபிளும் எஃப்.எம்.மும் இப்போது வேண்டாம். புருவம் திருத்த சூரமங்கலத்திலிருந்து யாரும் அம்மாப்பேட்டைக்கு வரமாட்டார்கள். ஆனால் அவர்கள் கேட்பதற்கும் சேர்த்துத்தான் பணம் கட்டுவீர்கள். போஸ்டர் மேல் மறுநாளே வேறு போஸ்டர் ஏறிவிடும், சுவர்க்காரரிடம் சண்டை வேறு.

முதலில் கூகுள் மேப்பில் கடையைப் பதியுங்கள், காசு கிடையாது. பெயர்ப்பலகை, உள்ளே நாற்காலி, திறக்கும் நேரம், எல்லாம் தெரியட்டும்.

அப்புறம் நோட்டீஸ். என் அக்கா பார்லருக்கு 2,000 அடித்தோம். முதல்முறை பேப்பர் ஏஜென்டிடம் கட்டாகக் கொடுத்துவிட்டு வந்தோம், ஒருவர்கூட வரவில்லை. அடுத்தமுறை விடியற்காலை ஐந்து மணிக்கே போய், எங்கள் தெருக்களுக்குப் போகும் இரண்டு லைன் பையன்களிடம் மட்டும் கொடுத்து, பேப்பருக்குள் வைக்கும்வரை கூடவே நின்றோம். ஒரு லைனுக்கு மஞ்சள் தாள், இன்னொன்றுக்கு ரோஸ். “இதைக் கொண்டுவந்தால் ஐப்ரோவுக்கு 20 ரூபாய் குறைவு” என்று போட்டிருந்தோம். வந்த தாள்களை டப்பாவில் சேர்த்து எண்ணினால், எந்தத் தெரு பலன் தந்தது என்று தெரிந்துவிடும். மஞ்சள்தான் அதிகம் வந்தது. அடுத்தமுறை அங்கே மட்டும் போட்டோம்.

ஆவணி முகூர்த்தத்துக்கு மணப்பெண் அலங்காரம் பிடிக்க வேண்டுமென்றால் ஆடி பாதியிலேயே போடுங்கள்.

மிச்சப் பணத்தில் இன்ஸ்டாகிராம். விளம்பரத்தில் சேலம் முழுவதையும் தேர்ந்தெடுக்காமல், கடையைச் சுற்றி மூன்று கிலோமீட்டர், பெண்கள் மட்டும் என்று வையுங்கள். லைக்கைப் பார்க்காதீர்கள், வாட்ஸ்அப்பில் விலை கேட்டு வருபவர்களை எண்ணுங்கள்.