வீட்டுக்காரர் சம்பாதிக்கிறார் என்பதற்காக மதிப்பெண்ணை விட்டுக்கொடுக்கலாமா?

கேள்வி: பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். சம்பளம் 5,200 ரிங்கிட். ஜூன் மதிப்பீட்டில் மேலாளர் எனக்கு 4 போட்டார். ஆண்டிறுதியில் அது 3 ஆகிவிட்டது. பத்துப் பேர் உள்ள எங்கள் குழுவில் மூவருக்குத்தான் 4 அல்லது 5 தர முடியும், இத்தனை பேருக்கு இந்த மதிப்பெண் என்று முன்பே விகிதம் வகுக்கும் பெல் கர்வ் முறை அப்படி என்கிறார். உங்கள் வீட்டுக்காரரும் நன்றாகச் சம்பாதிக்கிறாரே, உங்களுக்கு அவசரமில்லையே என்று அக்டோபரில் கேட்டார், நானும் தலையாட்டினேன். சுற்றறிக்கைப்படி 4 வாங்கியவர்களுக்குச் சம்பள உயர்வு 5.5 விழுக்காடு, எனக்கு 3.5. அடுத்த ஆண்டு சரியாகிவிடுமா? — வாசகி, பினாங்கு

பதில்: தானாகச் சரியாகாது, சகோதரி. உங்கள் கடிதத்தில் பெல் கர்வைவிட முக்கியமானது, போகிற போக்கில் நீங்கள் எழுதியிருக்கும் அந்தத் தலையாட்டல்தான். அக்டோபரில் அந்தக் கேள்வி ஏன் வந்தது என்று யோசித்தீர்களா? மேலாளர்கள் கூடி மதிப்பெண்களைச் சமன்படுத்தும் கூட்டம் பெரும்பாலும் ஆண்டிறுதியில்தான் நடக்கும். சம்பள உயர்வுக்கான மொத்தத் தொகையை நிர்வாகம் முன்பே முடிவு செய்துவிடுவதால், 4 வாங்குகிறவர்களின் எண்ணிக்கை கூடினால் பணம் போதாது. ஆகவே யாரையாவது 3க்கு இறக்கியாக வேண்டிய நிலையில், நான்கு பேரைத் தகுதியானவர்களாகக் கருதும் மேலாளர் யாரை இறக்குவார்? பெரும்பாலும், இறக்கினால் சண்டைக்கு வராதவரைத்தான். அதை முன்கூட்டியே அறிந்துகொள்ள அவர் கேட்டார். நீங்கள் பதில் சொல்லிவிட்டீர்கள்.

மதிப்பெண் என்பது செய்த வேலைக்கு உரியதே தவிர, வீட்டுத் தேவைக்கு உரியதன்று. குழுவில் ஒருவருடைய சம்பளம் குறைவாக இருந்தால் அதைச் சரிசெய்ய முறையான வழி உண்டு. பல நிறுவனங்களின் உயர்வு அட்டவணையில், ஒரே மதிப்பெண் பெற்றவர்களுள்ளும் தம் பதவிக்கான சம்பள வரம்பின் கீழ்ப்பகுதியில் இருப்பவருக்கே விழுக்காடு அதிகம். இரக்கம் காட்ட அந்த அட்டவணை இருக்கும்போது உங்கள் மதிப்பெண்ணை எடுத்து இன்னொருவருக்குக் கொடுப்பது அநியாயம்.

பத்துப் பேருக்கு மூவர் என்ற கணக்கையும் நீங்கள் அப்படியே நம்பியிருக்க வேண்டியதில்லை. இத்தகைய விகிதம் நூற்றுக்கணக்கானவர்களை ஒன்றாகப் பார்க்கும்போதுதான் ஓரளவு பொருந்தும். ஒரு சிறு குழுவில் நால்வர் சிறப்பாகச் செய்யலாம், இன்னொன்றில் ஒருவர்கூட இல்லாமலிருக்கலாம். விகிதம் முழுப் பிரிவுக்கும் சேர்த்து வகுக்கப்பட்டிருந்தால், உங்கள் குழுவில் நான்காமவருக்கும் இடம் கேட்டு வாதாடும் வழி மேலாளருக்கு இருந்தது. இதை மனிதவளப் பிரிவிடம் கேளுங்கள். மைக்ரோசாஃப்ட் நிறுவனமே 2013இல் இந்தக் கட்டாயப் பங்கீட்டைக் கைவிட்டது.

பணத்தையும் பாருங்கள். 3.5 விழுக்காட்டுக்கு உங்களுக்குக் கிடைப்பது 182 ரிங்கிட், 5.5 என்றால் 286. மாதம் 104 ரிங்கிட், ஆண்டுக்கு 1,248 ரிங்கிட் வேறுபாடு. அதன்மீது முதலாளி ஊழியர் சேமநிதிக்குச் செலுத்தும் 12 விழுக்காட்டிலும் ஆண்டுக்கு ஏறக்குறைய 150 ரிங்கிட்டை இழக்கிறீர்கள். அடுத்த ஆண்டு உயர்வு இந்தக் குறைந்த அடிப்படைச் சம்பளத்தின் மீதே கணக்கிடப்படும் என்பதால், அப்போது உங்களுக்கு 4 கிடைத்தாலும் இந்தப் பள்ளம் நிரம்பாது. நீங்கள் அந்த நிறுவனத்தில் இருக்கும் வரை அது கூடவே வரும்.

கணவர் சம்பாதிப்பதால் மனைவியின் சம்பளம் கைச்செலவுக்காசு என்று எண்ணுகிறவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். அதற்குத் தலையாட்டும் பெண்களைப் பார்க்கும்போதுதான் அதிகம் கோபம் வருகிறது. உங்கள் சேமநிதி உங்கள் முதுமைக்கு உரியது. உங்கள் சம்பளத்தில் உங்கள் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் பங்கு உண்டு. அதை அலுவலகத்தில் தாராளமாக விட்டுக்கொடுக்க உங்களுக்கு உரிமையில்லை என்பதே என் உறுதியான கருத்து. கணவரிடம் இதைச் சொன்னீர்களா என்று நீங்கள் எழுதவில்லை, இன்றே சொல்லுங்கள்.

சம்பள உயர்வுக் கடிதம் இன்னும் வரவில்லையென்றால் இந்த வாரமே மேலாளருக்கு மின்னஞ்சல் எழுதி, மனிதவளப் பிரிவுக்கும் நகல் அனுப்புங்கள். ஜூனுக்குப் பிறகு என் எந்த இலக்கு குறைந்தது, 4 எதனால் 3 ஆனது என்று மட்டும் கேளுங்கள்; பிறர் சம்பளத்தை இழுக்காதீர்கள். ஜூன் படிவத்தையும் ஆண்டிறுதிப் படிவத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பாராட்டு வரிகள் அப்படியே இருக்க எண் மட்டும் மாறியிருந்தால், அது கூட்டத்தில் மாற்றப்பட்டதற்கான வலுவான அடையாளம். படிவத்தில் வெறுமனே கையெழுத்திடாமல், கருத்துப் பகுதியில் உடன்பாடில்லை என்று காரணத்துடன் எழுதிய பிறகே கையெழுத்திடுங்கள்.

ஆண்டு உயர்வை முதலாளி கட்டாயம் தர வேண்டும் என்று நம் நாட்டுச் சட்டம் பொதுவாகச் சொல்லவில்லை. ஆனால் வேலையில் பாகுபாடு பற்றிய புகாரை விசாரிக்கும் அதிகாரம் 2023 ஜனவரி 1 முதல் ஆள்பல இலாகாவுக்கு உண்டு. அந்த அக்டோபர்ப் பேச்சு எந்த நாளில், யார் முன்னிலையில், எந்தச் சொற்களில் நடந்தது என்பதை நினைவு மங்குவதற்குள் எழுதி, தேதியிட்டு வையுங்கள்.