புகைப்படத்தில் உள்ள பாதி நிலாவிலிருந்து திதியையும் கடல் ஓதத்தையும் அறிவது

கேள்வி: நாகப்பட்டினம் கடற்கரையில் என் தாத்தா எடுத்த பழைய இரவுப் படம் ஒன்று இருக்கிறது. கடலுக்குச் சற்று மேலே பாதி நிலா தெரிகிறது. நேரம், தேதி எதுவும் எழுதப்படவில்லை. அன்று என்ன திதி, கடல் ஏற்றத்தில் இருந்ததா வற்றத்தில் இருந்ததா என்று சொல்ல முடியுமா?

பதில்:

திதியை ஒரு நாள் முன்பின்னாகச் சொல்லிவிடலாம். ஓதத்தையும் ஓரளவு சொல்லலாம். ஆனால் அதற்குப் படத்தோடு நாகப்பட்டினத்தின் ஓத அட்டவணையும் வேண்டும்.

முதலில் திசையைக் கவனியுங்கள். நாகப்பட்டினத்தில் கடல் கிழக்கே இருப்பதால், அங்கே கடலுக்குச் சற்று மேலே தெரியும் நிலா உதயமாகிக்கொண்டிருக்கும் நிலாதான். வளர்பிறைப் பாதி நிலா நண்பகலை ஒட்டி உதித்து நள்ளிரவை ஒட்டி மேற்கே மறைவது; அது இரவில் கிழக்கு அடிவானத்தில் நிற்க வழியே இல்லை. ஆகவே உங்கள் படத்தில் இருப்பது தேய்பிறை நிலா, எடுக்கப்பட்ட நேரம் ஏறக்குறைய நள்ளிரவு. ஒளிரும் பக்கம் கீழ்நோக்கி இருக்கிறதா என்றும் பாருங்கள். நிலாவின் ஒளிப்பக்கம் எப்போதும் சூரியன் இருக்கும் பக்கம்தான் திரும்பியிருக்கும்; அந்நேரம் சூரியன் அடிவானத்துக்குக் கீழே இருப்பதால் ஒளிப்பக்கம் கடலை நோக்கி, பருவத்துக்கேற்ப வடக்கிலோ தெற்கிலோ சற்றுச் சாய்ந்து இருக்க வேண்டும். வலப்பக்கம் ஒளிர்ந்தால் வளர்பிறை, இடப்பக்கம் ஒளிர்ந்தால் தேய்பிறை என்று பல நூல்களில் காணப்படும் விதி ஐரோப்பா போன்ற உயர் அட்சரேகைகளுக்கு உரியது. நிலா ஏறத்தாழ உச்சிவானம் வழியாகச் செல்லும் நம் ஊர்களில் அதை நம்ப வேண்டாம்.

அடுத்து அளவு. படத்தை முடிந்த அளவு உயர்ந்த தெளிவில் ஸ்கேன் செய்து, நிலாவின் இரு முனைகளையும் இணைக்கும் கோட்டுக்குச் செங்குத்தாக ஒரு விட்டம் வரையுங்கள். அந்த விட்டத்தில் ஒளிரும் பகுதியின் நீளத்தை முழு விட்டத்தால் வகுத்தால் ஒளிப்பங்கு கிடைக்கும். அதற்கும், வானில் சூரியனுக்கும் நிலாவுக்கும் இடையே உள்ள கோணத்துக்கும் உள்ள உறவு இது:

k = (1 − cos E) / 2

இங்கே k ஒளிப்பங்கு, E அந்தக் கோணம். பஞ்சாங்கத்தின் திதியும் இதே கோணத்தைத்தான் அளக்கிறது. நிலா சூரியனை விட்டு 12 பாகை விலகும் ஒவ்வொரு முறையும் ஒரு திதி முடிகிறது. உங்கள் அளவீட்டில் 60 சதவீதம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது கோணம் சுமார் 101.5 பாகை. தேய்பிறை என்பதால் பௌர்ணமிக்குப் பின் நிலா கடந்த தொலைவு 180-இலிருந்து இதைக் கழித்த 78.5 பாகை. 12-ஆல் வகுத்தால் ஆறரை வருகிறது. ஆறு திதிகள் முடிந்து ஏழாவது நடக்கிறது, அதாவது தேய்பிறை சப்தமி. சரியாக 50 சதவீதம் வந்தால் ஏழரை, அதாவது அஷ்டமியின் நடுப்பகுதி.

இந்தக் கணக்கிலிருந்தே பிழை எவ்வளவு வரலாம் என்பதும் தெரிகிறது. பாதி நிலாவை ஒட்டி, அளவீட்டில் 10 சதவீதம் தவறினால் ஒரு திதி தவறும். முழு நிலாவை ஒட்டியோ நிலைமை மோசம். அங்கே 96 சதவீதத்துக்கும் 99 சதவீதத்துக்கும் இடையிலேயே ஒரு திதி ஒளிந்திருக்கிறது, படத்தைப் பார்த்துப் பௌர்ணமியா சதுர்த்தசியா என்று எவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. பாதி நிலாப் படம் கிடைத்தது உங்கள் நல்லூழ். எனினும் இரவுப் படங்களில் கடலும் கரையும் தெரிவதற்காக அதிக நேரம் ஒளி விடுவதால், நிலாவின் ஒளி வழிந்து பாதி நிலா முக்கால் நிலாவைப் போலத் தெரியும். நிலா தன் விட்டத்தளவு தூரத்தை வானில் சுமார் 2 நிமிடத்தில் கடப்பதால், நீண்ட ஒளிப்பதிவில் உருவம் இழுபட்டும் போகும். பள்ளங்களோ கருந்திட்டுகளோ தெரியாமல் வெறும் வெண்மையாக இருந்தால், கிடைக்கும் ஒளிப்பங்கு உண்மையைவிட அதிகம் என்று கொள்ளுங்கள். நெகடிவ் இருந்தால் அதையே அளப்பது நல்லது.

திதியை நாட்காட்டியோடு ஒப்பிடும்போது இரண்டு சிக்கல்கள் உண்டு. தமிழ் மாதங்கள் சூரியனைப் பின்பற்றுபவை. ஆகவே ஆடி 10 என்றால் நிலா எப்படி இருந்தது என்று தெரியாது, பஞ்சாங்கத்தின் திதி வரியைத்தான் பார்க்க வேண்டும். அந்த வரியிலும், சூரிய உதயத்தின்போது நடக்கும் திதியைக்கொண்டே நாளுக்குப் பெயரிடுகிறார்கள். காலையில் சப்தமி என்று அச்சிட்ட நாளின் நள்ளிரவில் அஷ்டமி நடந்துகொண்டிருக்கலாம். திதி முடியும் நேரத்தையும் சேர்த்துப் பாருங்கள். ஓர் ஆண்டில் தேய்பிறை அஷ்டமி பன்னிரண்டு பதின்மூன்று முறை வரும் என்பதால், உடையோ, உடனிருப்பவர்களின் வயதோ, கழுவிய தேதியோ துணைக்கு வந்தால்தான் நாளைப் பிடிக்கலாம். ஆண்டிலேயே ஐயம் என்றால் இன்னொரு தடை: 19 ஆண்டுக்கு ஒருமுறை அதே தேதியை ஒட்டி அதே பிறை திரும்ப வரும். சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 பௌர்ணமி. அதிலிருந்து 19 ஆண்டு கழித்து முழு நிலா 2023 டிசம்பர் 27 காலையில் வந்தது. (பௌர்ணமிதான் சுனாமிக்குக் காரணம் என்போர் இன்றும் உண்டு; சுமத்ராவுக்கு அருகே கடலடியில் ஏற்பட்ட நிலநடுக்கமே காரணம்.)

இனி ஓதம். சூரியனின் ஓத விசை நிலாவினுடையதில் ஏறக்குறைய 46 சதவீதம். அமாவாசையிலும் பௌர்ணமியிலும் இரண்டும் சேர்ந்து இழுப்பதால் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையிலான வேறுபாடு மிகும். அஷ்டமியில் ஒன்றுக்கொன்று குறுக்கே நிற்பதால் குறையும். கடல் உடனே பணிவதில்லை. பல கடற்கரைகளில் இந்த விளைவு ஓரிரு நாள் தாமதித்தே உச்சம் பெறும். ஆகவே உங்கள் படம் ஓத வேறுபாடு குறைந்த நாட்களில் எடுக்கப்பட்டது என்பது உறுதி. ஆனால் குஜராத்தின் பாவ்நகரில் பத்து மீட்டர் வரை ஏறியிறங்கும் கடலைப் போன்றதன்று நம் கடல். சென்னையில் பௌர்ணமியை ஒட்டியே சுமார் 1 மீட்டர்தான். கரையில் நீர்க்கோடு எங்கே என்பதை அலைகளே மறைத்துவிடும் என்பதால், படத்தைப் பார்த்து ஏற்றமா வற்றமா என்று கூற முயல வேண்டாம்.

அதற்கு எளிய வழி ஒன்று இருக்கிறது. ஒரே இடத்தில் ஒரே திதியில் நிலா அதே உயரத்தில் நிற்கும்போது கடலும் ஏறக்குறைய அதே நிலையில் இருக்கும். எனவே வரும் தேய்பிறை அஷ்டமியில் நாகப்பட்டினத்தில் நிலா உதிக்கும் நேரத்தைக் கண்டறிந்து, படத்தில் உள்ள உயரத்துக்கு ஏற அரை மணியோ ஒரு மணியோ கூட்டி, அந்நேரத்தில் நீர் ஏறுகிறதா வடிகிறதா என்று அவ்விடத்துக்குரிய ஓத அட்டவணையில் பாருங்கள். இந்திய நில அளவைத் துறை துறைமுகங்களுக்கான அட்டவணைகளை ஆண்டுதோறும் வெளியிடுகிறது. இரண்டு மூன்று மாதத்து அஷ்டமிகளைப் பார்த்துச் சராசரி எடுத்தால் ஒரு மணி நேர அளவுக்குச் சரியாக வரும். திதியில் ஒன்று தவறினால் விடை அரை மணிக்கு மேலும் நகரலாம். எனவே கணித்த ஏற்றம் அல்லது வற்றத்தின் உச்சநேரத்துக்கு மிக அருகில் படம் எடுக்கப்பட்டிருந்தால் மட்டும், ஏறுமுகமா இறங்குமுகமா என்று தீர்மானிக்காமல் விட்டுவிடுங்கள்.